அடக்கம் ரெண்டாயிரம் ஏறினால் விலையும் ரெண்டாயிரம் ஏற வேண்டுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணக்கும் வரும். பட்டுக்கடை வைத்திருப்பவர்கள், தறி வைத்திருப்பவர்கள், பதினொன்றாம் வகுப்பில் வணிகக் கணிதம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் ஆகியோர் பொறுமையாகப் படிக்கவும். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள்.

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு விலை வைப்பது எப்படி என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே பதில்தான். பட்டு நூல், சாயம், ஜரிகை, கூலி எல்லாம் கூட்டி அடக்க விலை போடுவது, அதன்மேல் லாபம் வைப்பது. தங்கமும் வெள்ளியும் ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ரெண்டாயிரம் கூடினால் சேலையிலும் ரெண்டாயிரம் கூட்டுவது. கூட்டல் கழித்தலில் இதில் பிழை இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் வாங்க வருகிறவரே இல்லை! அடக்கம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். விலையைப் பார்ப்பார். வாங்குவார், அல்லது அடுத்த கடைக்குப் போவார்.

வாங்குகிறவரையும் சேர்த்துப் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய கணக்குதான். 1838-இல் பிரெஞ்சு நாட்டில் அந்த்வான் ஓகுஸ்தின் கூர்னோ என்ற கணித அறிஞர் எழுதிய புத்தகத்தில் அது இருக்கிறது. ஒரு ஊற்று நீருக்கு ஒரே ஒருவர் சொந்தக்காரர், அவர் தண்ணீருக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. விலை கூடினால் விற்பனை குறையும் என்பதை ஒரு சார்பாக எழுதி, அதை வகையிட்டு விடை சொன்னார். விலையைப் பற்றி எழுதிய அந்தப் புத்தகத்தை வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது தனிக்கதை. இன்று அது நம் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் தேவைச் சார்பு, இறுதிநிலை வருவாய் என்று உட்கார்ந்திருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் நான் நடத்தியது பின்னமும் சதவீதமும்தான். பேத்திக்காக அவள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அதில் எனக்கு ஒரு மனக்குறை. முதல் வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி விலையைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே ‘இரண்டாம் வகைக்கெழு குறை எண், ஆகவே பெருமம்’ என்று ஒரு வரி. ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதும் வரி. கடைக்காரருக்கு அதிகம் உதவுவது அந்த வரிதான் என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தம்பி மகன் பிள்ளையார்பாளையம் பக்கம் சிறிய அளவில் வியாபாரம் செய்கிறான். நெசவாளர் வீடுகளுக்குப் பாவு கொடுத்து, நெய்து வந்த சேலையை விற்கிறான். எவ்வளவு விற்கிறதோ அந்த அளவுக்குத்தான் பாவு கொடுப்பான். அவன் நோட்டில் இருந்த ஒரு ரகத்தை எடுத்துக்கொண்டோம். எண்களைக் கணக்கு எளிதாக வரும்படி முழுமையாக்கியிருக்கிறேன்.

ஒரு சேலையின் அடக்கம் 12,000 ரூபாய். முகூர்த்த மாதத்தில் 16,000-க்கு விற்றபோது மாதம் 20 சேலை போனது. 18,000-க்கு விற்றபோது 16 போனது. அதாவது ஆயிரம் ரூபாய் ஏற்றினால் இரண்டு பேர் வாங்காமல் போகிறார்கள். இந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், விலையை ஆயிரத்தில் p என்று வைத்தால், விற்கும் எண்ணிக்கை

q = 52 − 2p

ஒரு சேலைக்கு லாபம் p − 12. மாத லாபம் இரண்டையும் பெருக்கினால் வரும்.

L = (p − 12)(52 − 2p) = −2p² + 76p − 624

வகைக்கெழு என்றதும் சிலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்காக ஐந்தாம் வகுப்பு முறையிலேயே செய்கிறேன். விலையை 16-இலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஏற்றி லாபத்தை எழுதுங்கள். 16-இல் லாபம் 80 ஆயிரம். 17-இல் 90. 18-இல் 96. 19-இல் 98. 20-இல் மறுபடி 96. 21-இல் 90. 22-இல் 80. இப்போது அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள்: 10, 6, 2, −2, −6, −10. ஏறுகிற வேகம் குறைந்துகொண்டே வந்து, 19-இல் நின்று, இறங்கத் தொடங்குகிறது. முதல் வகைக்கெழு சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். முறைப்படி எழுதினால்

dL/dp = −4p + 76

இதைப் பூச்சியம் ஆக்கினால் p = 19. விலை 19,000, விற்பது 14 சேலை, லாபம் 98,000.

இந்த 19 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 26,000 வைத்தால் கோட்டின்படி ஒருவரும் வாங்க மாட்டார்கள். 12,000-க்கு விற்றால் லாபம் பூச்சியம். இரண்டுக்கும் நட்டநடுவில் 19. தேவை நேர்கோடாக இருக்கும்வரை உச்சி எப்போதும் அடக்கத்துக்கும் ‘யாரும் வாங்காத விலை’க்கும் நடுவில்தான் இருக்கும். வகையிடத் தெரியாதவர்கூட இதை மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

போகிற போக்கில் இரண்டு விஷயம். கல்லாவில் அதிகப் பணம் விழும் விலை வேறு, அதிக லாபம் தரும் விலை வேறு. வரவு மட்டும் பார்த்தால் p(52 − 2p) என்பதன் உச்சி 13-இல் வரும். 26 சேலை விற்று 3,38,000 ரூபாய் வரவு. கடை நிரம்பி வழியும், லாபம் 26,000-தான். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைப் பார்த்துப் பூரிக்கும் கடைக்காரர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, கடை வாடகை. வாடகை மாதம் பத்தாயிரம் ஏறினால் லாபத்தில் பத்தாயிரம் குறையும். ஆனால் மாறிலியின் வகைக்கெழு பூச்சியம், ஆகவே உச்சி 19-ஐ விட்டு நகராது. வாடகை ஏறியது என்று சேலை விலையை ஏற்றுகிறவர் இருக்கிற லாபத்தையும் கொஞ்சம் கெடுத்துக்கொள்கிறார்.

இனி இரண்டாம் வகைக்கெழு. மேலே எழுதிய வித்தியாசங்களின் வித்தியாசத்தை எடுங்கள். 10-இலிருந்து 6, 6-இலிருந்து 2, 2-இலிருந்து −2. ஒவ்வொரு தடவையும் −4. d²L/dp² = −4 என்பதும் அதே எண்தான். குறை எண் என்பதால் நாம் நிற்பது மலை உச்சி, பள்ளம் அல்ல. பாடப்புத்தகம் இத்துடன் முடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த 4 என்ற அளவும் ஒரு செய்தி சொல்கிறது. உச்சியிலிருந்து விலை d ஆயிரம் தள்ளிப்போனால் லாபத்தில் இழப்பது இரண்டாம் வகைக்கெழுவில் பாதியை d²-ஆல் பெருக்கிய அளவு. இங்கே 2d². ஆயிரம் ரூபாய் தள்ளினால் இழப்பு 2,000. ஐந்நூறு தள்ளினால் வெறும் 500. மூவாயிரம் தள்ளினால் 18,000. உச்சி கூர்மையாக இல்லை, மொட்டை மாடி மாதிரி தட்டையாக இருக்கிறது. ஓரத்துக்குப் போனால்தான் விழுவோம்.

இது எல்லாக் கடைக்கும் பொருந்தாது. இதே சேலை பக்கத்துக் கடையிலும் தொங்குகிறது என்றால், ஆயிரம் ஏற்றியதும் இரண்டு பேர் அல்ல, பத்துப் பேர் எழுந்து போவார்கள். அப்போது இரண்டாம் வகைக்கெழு −20. ஆயிரம் தள்ளினாலே பத்தாயிரம் போய்விடும். கோர்வை போட்டு, கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு வண்ணம் இணைத்து, தன் வாடிக்கையாளருக்கென்று நெய்து விற்பவருக்குத்தான் மாடி அகலமாக இருக்கும். நம் ஊர்ச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியதன் பயனும் இதில்தான் இருக்க வேண்டும் என்பேன். அது வெறும் முத்திரையாக நின்றால் போதாது. வாங்குகிறவர் சட்டென்று வேறு சேலைக்கு மாறாமல் இருந்தால்தான் கோட்டின் சரிவு குறையும்.

இப்போது ஜரிகைக் கதைக்கு வருவோம். போன மாதம் தம்பி மகன் வந்து உட்கார்ந்தான். “பெரியப்பா, பட்டும் ஏறிடுச்சு, ஜரிகையும் ஏறிடுச்சு. அடக்கம் பதினாலு ஆயிடுச்சு. இனிமே இருபத்தொண்ணுக்குக் கம்மியா குடுத்தா கட்டுப்படியாகாது” என்றான். 19-இல் விற்றவன், ரெண்டாயிரம் ஏறியதால் 21 என்கிறான். ஊர் வழக்கம் அது.

நடுப்புள்ளிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 14-க்கும் 26-க்கும் நடுவில் 20. அடக்கம் ரெண்டாயிரம் ஏறினால் விலை ஆயிரம்தான் ஏற வேண்டும். பாதி வாங்குகிறவர்மேல், பாதி விற்கிறவர்மேல். 20-இல் 12 சேலை, சேலைக்கு ஆறாயிரம், லாபம் 72,000. முன்பு வந்த 98,000 இனி வராது. ஜரிகை ஏறிய பிறகு எந்த விலை வைத்தாலும் வராது.

அவன் சொன்ன 21-இல் என்ன ஆகும்? 10 சேலை, தலைக்கு ஏழாயிரம், லாபம் 70,000. விலையையே ஏற்றாமல் 19-இல் விட்டால்? 14 சேலை, தலைக்கு ஐயாயிரம், அதுவும் 70,000. உச்சி 20, இரண்டு பக்கமும் ஒரே தூரம், ஆகவே இழப்பும் ஒரே அளவு. அவன் பார்வையில் 19-உம் 21-உம் ஒன்றுதான்.

ஆனால் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றா? 19 என்றால் மாதம் 14 பாவு. 21 என்றால் 10. நாலு சேலை குறைகிறது. ஒரு சேலை நெய்ய பத்துப் பதினைந்து நாள் ஆகும். கோர்வை என்றால் கூட ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கூலி சேலைக்கு நாலாயிரம் என்று வைத்தால் நெசவாளர் வீடுகளுக்குப் போகும் பணத்தில் மாதம் பதினாறாயிரம் குறைகிறது. விற்பவனுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லாத இடத்தில் நெசவாளருக்குப் பதினாறாயிரம் வித்தியாசம்!

நான் சொல்ல வருவது இதுதான். உச்சி தட்டையாக இருக்கிறது என்று இரண்டாம் வகைக்கெழு சொல்லும்போது, விற்பவர் உச்சிக்கு மேல்பக்கம் நிற்காமல் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். அவருக்கு இழப்பு ஐந்நூறோ ரெண்டாயிரமோ. தறிக்கு ஒன்றிரண்டு சேலை கூடும். பாவு இல்லாமல் தறி காலியாகக் கிடந்தால் நெசவாளர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். போனவர் திரும்ப வந்து உட்காருவது அபூர்வம். அடுத்த முகூர்த்தத்துக்கு நெய்ய ஆள் இல்லாமல் போகும் நஷ்டம் நான் மேலே எழுதிய லாபச் சூத்திரத்தில் எங்கும் இல்லை. அதையும் சேர்த்தால் உச்சி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும் என்றே நினைக்கிறேன்.

தம்பி மகன் விடவில்லை. “அது எப்படி பெரியப்பா, நான் ஏத்தி வித்தப்போதான் ஜாஸ்தி போச்சு” என்று நோட்டின் வேறு பக்கத்தைத் திருப்பினான். ஆடியில் 16-க்கு 10 சேலை. ஆவணியில் 18-க்கு 16 சேலை. விலை ஏறியது, விற்பனையும் ஏறியது.

இந்த இரண்டு புள்ளிகளை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம் என்றேன். கோடு q = 3p − 38 என்று வருகிறது. அடக்கம் அப்போது 12. லாபம்

L = (p − 12)(3p − 38) = 3p² − 74p + 456

முதல் வகைக்கெழு 6p − 74. பூச்சியம் ஆக்கினால் விலை 12,333 ரூபாய். பேனாவை இங்கே வைக்கும் பிள்ளை ‘சிறந்த விலை 12,333’ என்று அடிக்கோடு போட்டுவிடும். அந்த விலையில் எத்தனை விற்கும் என்று கோட்டில் போட்டால் 37 − 38, அதாவது −1 சேலை! இரண்டாம் வகைக்கெழுவைப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அது +6. மிகை எண். நாம் கண்டுபிடித்தது பெருமம் அல்ல, சிறுமம். மலை உச்சி என்று நினைத்துப் பள்ளத்தின் அடியில் நிற்கிறோம்.

இரண்டாம் வகைக்கெழு மிகையாக வந்தால் வகையிட்டதில் குறை இல்லை, கோட்டில்தான் குறை என்று பொருள். இங்கே குறை என்ன என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் முகூர்த்தம். ஆவணியில் ஆட்கள் வந்தது விலை ஏறியதால் அல்ல, பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க வேண்டியிருந்ததால். ஆடிப் புள்ளி ஒரு கோட்டில் இருக்கிறது, ஆவணிப் புள்ளி வேறு கோட்டில் இருக்கிறது. இரண்டு கோடுகளிலிருந்தும் ஒவ்வொரு புள்ளி எடுத்து இணைத்தால் இல்லாத கோடு ஒன்று பிறக்கும். முகூர்த்த மாதத்தை முகூர்த்த மாதத்தோடும், ஆடியை ஆடியோடும், மார்கழியை மார்கழியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

சரியான மாதங்களை ஒப்பிட்டாலும் இரண்டே புள்ளிகளை நம்பி விடக் கூடாது. 18,000-க்கு விற்ற மாதத்தில் 16-க்குப் பதில் 14 போயிருந்தால் கோடு q = 68 − 3p ஆகும், உச்சி 17,333-க்கு இறங்கிவிடும். 18 போயிருந்தால் q = 36 − p, உச்சி 24,000-க்குத் தாவிவிடும். ஒரு கல்யாண வீட்டார் இரண்டு சேலை சேர்த்து எடுத்தார்களா இல்லையா என்பதில் இவ்வளவு ஆட்டம். அதனால் குறைந்தது நாலைந்து முகூர்த்த மாதக் கணக்காவது வேண்டும். உச்சி 24 என்று வந்தாலும் ஒரே தாவலாக அங்கே போகக் கூடாது. நாம் பார்த்தது 16-க்கும் 18-க்கும் நடுவில் மட்டும். அதற்கு வெளியே கோடு நேராகவே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐந்நூறு ஐந்நூறாக நகர்ந்து, ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விலை பேசி விற்கும் கடையில் அட்டையில் எழுதிய விலையை அல்ல, கடைசியில் கைக்கு வந்த விலையை எழுத வேண்டும்.

நோட்டை முதலிலிருந்து புரட்டி முகூர்த்த மாதங்களை மட்டும் தனியே எழுதினோம். கோட்டின் சரிவு 2-ஐ ஒட்டியே நின்றது. தை மாதத்துக்கு 19,500 வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். 20-க்கு ஐந்நூறு கீழே. கோட்டின்படி 13 சேலை போக வேண்டும், லாபம் 71,500. பதின்மூன்று பாவு ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது. தை முடிந்ததும் எத்தனை விற்றது என்று இங்கேயே எழுதுகிறேன்.